குளிர் அறை வேலைக்குப் பிறகு கால்விரல்கள் ஊதாவாகி வீங்குகின்றன: இது பனிக்கடியா, இரத்த ஓட்டக் குறைவா?

மாதுளை (லெஸ்டர்)

வணக்கம். நான் லெஸ்டருக்கு அருகிலுள்ள ஓர் உணவுத் தொழிற்சாலையில், வெட்டிய சாலட் வகைகளைப் பொதி செய்யும் பகுதியில் வேலை செய்கிறேன். அந்த அறையின் வெப்பநிலை எப்போதும் 3 முதல் 5 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும். தரையை அடிக்கடி கழுவுவதால் ஈரம் காய்வதே இல்லை. டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து இரண்டு கால்களிலும் சிறுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கத்தரிப்பூ நிறமாகி, தொட்டால் வலிக்கும் அளவுக்கு வீங்கியிருக்கின்றன. இப்போது வலக்கைச் சுண்டுவிரலிலும் அதே போல் ஒரு தடிப்பு வந்துவிட்டது.

வேலை நேரத்தில் வலி அதிகம் இல்லை, விரல்கள் மரத்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்து ரேடியேட்டரின் மேல் கால்களை வைத்துச் சூடேற்றிய பிறகு, இரவு போர்வைக்குள்தான் தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் தொடங்குகின்றன. விடியும்போது வீக்கம் கூடியிருக்கும். உடன் வேலை செய்பவர் இது பனிக்கடி என்கிறார். அத்தான் இரத்த ஓட்டம் போதவில்லை என்கிறார். குளிரால் விரல் வீங்கி அரிப்பதைச் சில்பிளேன் என்பார்களாம், இணையத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் படங்களில் எல்லாம் செக்கச்செவேல் என்ற விரல்கள். எனக்குச் சிவப்பு சிறிதும் இல்லை. விரலை எடுக்கும் நிலை வருமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனைநிழல் (டொராண்டோ)

தங்கச்சி, இது பனிக்கடியின் முதல் கட்டம் என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரில் மைனஸ் 25 டிகிரியில் பேருந்துக்கு நின்றவர்களுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் மரத்துப்போகும், பிறகு நிறம் மாறும், சூடேறும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும். நீங்கள் சொல்வதும் அதே வரிசைதான். விரல்களைத் தேய்க்காதீர்கள், பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்த்தால் தோலும் சதையும் மேலும் சிதையும். 37 முதல் 39 டிகிரி வரையான வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் காலை வைத்திருங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இதைச் செய்தால் இரத்த ஓட்டம் திரும்பிவிடும்.

செவ்வந்தி (கிளாஸ்கோ)

நான் பல ஆண்டுகள் பாத சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பனைநிழல் ஐயா தேய்க்கக் கூடாது என்று சொன்னதும், அந்த நீரின் வெப்பநிலையும் பனிக்கடிக்கு மிகச் சரியானவை. ஆனால் மாதுளைக்கு வந்திருப்பது பனிக்கடியாக இருக்க வாய்ப்பில்லை. பனிக்கடி என்றால் தசையிலும் தோலிலும் உள்ள நீர் உண்மையிலேயே உறைய வேண்டும். அதற்குத் தோலின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். 3 டிகிரி அறையில் எத்தனை மணி நேரம் நின்றாலும் விரல் 3 டிகிரிக்குக் கீழே குளிராது. ஆகவே உறையவும் முடியாது.

இன்னொரு வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் நிறத்தைவிட அதுவே நம்பகமானது. பனிக்கடி குளிரில் நிற்கும்போதே தெரிந்துவிடும்: அந்த இடம் வெளிறி, மெழுகு பூசியதுபோல் கெட்டியாகி, உணர்வே இல்லாமல் போகும். கொப்புளம் அதன் பிறகு வரும். சில்பிளேன் அப்படியல்ல. குளிர் பட்டுச் சில மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை கழித்து, ஆள் கதகதப்பான இடத்துக்கு வந்த பிறகு, அரிப்பும் எரிச்சலுமாகத் தலைகாட்டும். மாதுளை எழுதியிருப்பதைப் பாருங்கள்: வேலையில் மரத்துப்போதல், இரவில் அரிப்பு, விடியலில் வீக்கம். இந்த வரிசையைக் கேட்டால் நான் முதலில் சில்பிளேனைத்தான் நினைப்பேன்.

மாதுளை, சில கேள்விகள். உறைகுளிர்ச் சேமிப்பறைக்குள், அதாவது மைனஸ் 18 டிகிரிக்கு வைக்கும் இடத்துக்குள், நீங்கள் போவது உண்டா? விரல்கள் எப்போதாவது பால் வெள்ளையாக மாறுகின்றனவா? பூட்ஸ் எப்படிப்பட்டது? புகைப்பிடிக்கும் பழக்கமோ, இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையோ உண்டா?

தங்கரளி

குளிர்காலத்தில் எனக்கும் குதிகால் முழுவதும் வெடித்து இரத்தம் வரும். வேப்பெண்ணெயும் தேன்மெழுகும் காய்ச்சிப் பூசுங்கள், ஒரு வாரத்தில் மூடிவிடும்.

செவ்வந்தி (கிளாஸ்கோ)

தங்கரளி, நீங்கள் சொல்வது பித்தவெடிப்பு. தோல் வறண்டு பிளப்பது. மாதுளைக்குத் தோல் பிளக்கவில்லை, தோலுக்கு அடியில் வீங்கியிருக்கிறது.

மாதுளை (லெஸ்டர்)

அக்கா, மிக்க நன்றி. உறைகுளிர் அறைக்குள் அட்டைப்பெட்டி எடுக்க எப்போதாவது இரண்டு மூன்று நிமிடம் போவேன், அவ்வளவுதான். விரல்கள் வெள்ளையாகிப் பார்த்ததில்லை. புகை இல்லை, மாத்திரை எதுவும் இல்லை. நான் மெலிந்த உடல்வாகு. இரத்த அழுத்தம் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பூட்ஸ் தொழிற்சாலை கொடுத்தது, முனையில் இரும்புத் தகடு உள்ளது. குளிருக்காக அதற்குள் இரண்டு பருத்திக் காலுறைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன்.

கடலோடி (லண்டன்)

செவ்வந்தி அம்மா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இரத்த ஓட்டத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. எனக்கு 61 வயது, முப்பது ஆண்டுகள் புகைத்தவன், சர்க்கரையும் உண்டு. சென்ற குளிர்காலத்தில் இடக்கால் பெருவிரல் நீலமானது. குளிர்தான் காரணம் என்று நினைத்து வீட்டில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் வலி குறையும். கடைசியில் தொடையிலுள்ள தமனி அடைத்திருப்பது தெரிந்து, பலூன் வைத்துத் திறந்தார்கள். கைக்கும் கணுக்காலுக்கும் பட்டி கட்டி இரத்த அழுத்தத்தை ஒப்பிடும் சோதனை ஒன்று உண்டு. எனக்கு அது 0.5 இருந்தது, 0.9க்குக் குறைந்தாலே அடைப்பு என்கிறார்கள். மாதுளையும் அந்தச் சோதனையை உடனே கேட்டு வாங்க வேண்டும்.

செவ்வந்தி (கிளாஸ்கோ)

கடலோடி ஐயா, உங்கள் அனுபவத்தை இங்கே எழுதியது நல்லது, ஏனென்றால் அதையும் மாதுளையின் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இரண்டும் எப்படி வேறு என்று புரிந்துவிடும். உங்களுக்கு ஒரே காலில் வந்தது. அவருக்கு இரண்டு கால்களிலும் ஒரே விரல்களில் வந்திருக்கிறது. உங்களுக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடித்தது, காலைத் தொங்கவிட்டால் சுகமாக இருந்தது. அவருக்கு அரிப்பும் எரிச்சலும், அதுவும் சூட்டில்தான். உங்களுக்குத் தொடையிலுள்ள பெரிய தமனியில் அடைப்பு. சில்பிளேனில் பெரிய தமனிகள் எல்லாம் நன்றாகவே இருக்கும், தோலிலுள்ள மிக நுண்ணிய நாளங்கள்தான் குளிருக்கு அளவுக்கு மீறி இறுகிக்கொள்கின்றன. ஆகவே மெலிந்த இளம் பெண்களுக்கு, இதயமும் தமனியும் சிறப்பாக இருந்தும், இது வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாதுளை, ஒரு சிறு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கால் கதகதப்பாக இருக்கும்போது பெருவிரலை மேலே நிமிர்த்துங்கள். பாதத்தின் மேற்புறம் ஒரு தசைநாண் கயிறுபோல் எழும். அதற்குச் சற்று வெளிப்பக்கமாக, பாதத்தின் நடுப்பகுதியில், இரண்டு விரல்களை மெதுவாக வைத்தால் நாடி தட்டும். அங்கே கிடைக்காவிட்டால் உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் பாருங்கள். சிலருக்கு முழு நலத்துடன் இருந்தும் முதல் இடத்தில் நாடி தட்டுப்படாது, ஆகவே ஒன்றில் இல்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். இரண்டு கால்களிலும் நன்றாகத் துடித்தால், பெரிய தமனி அடைப்பை இப்போதைக்குப் பின்னுக்குத் தள்ளலாம்.

சிவப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் அதே வீக்கம் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும்; சிலருக்குச் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கருத்திருப்பது மட்டுமே தெரியும். நிறத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றால் தவறிவிடுவோம். மெதுவாக அழுத்திப் பார்க்கும்போது வலிக்கிறதா, விரல் தடித்துப் பளபளக்கிறதா என்று பார்ப்பதே மேல். ஆறிய பிறகும் நம் தோலில் கருந்தழும்பு சில மாதங்கள் தங்கும். அது நோய் நீடிப்பதன் அறிகுறி அல்ல.

தேன்சிட்டு (பர்மிங்ஹாம்)

எனக்குக் குளிரில் விரல் நிறம் மாறும் தொந்தரவு பத்தாம் வகுப்பிலிருந்தே உண்டு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து பாலை எடுத்தாலே இரண்டு விரல்கள் நடுக்கணு வரை கோடு போட்டதுபோல் வெளுத்துவிடும், பிறகு நீலம், சூடேறும்போது சிவப்பு. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மருத்துவர் இதை ரேனோ என்றார். மாதுளைக்கும் இதுதானோ?

செவ்வந்தி (கிளாஸ்கோ)

தேன்சிட்டு, உங்களுடையது அச்சு அசலாக ரேனோ. அது வரும், போகும். அடுத்த நாளுக்கு வீக்கத்தை விட்டுச் செல்வதில்லை. மாதுளையின் வீக்கம் நாள்கணக்கில் தங்குகிறது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு, அதனால்தான் வெள்ளையாகிறதா என்று கேட்டேன்.

இனி ரேடியேட்டர் பற்றி. சில்பிளேனை உண்டாக்குவதில் குளிர் பாதி. அதன் பின் வரும் அவசரச் சூடு மறுபாதி என்றே சொல்லலாம். குளிரில் விரலின் நுண்நாளங்கள் இறுகியிருக்கும். காலை ரேடியேட்டரில் வைத்தவுடன் இரத்தம் வேகமாக உள்ளே பாய்கிறது, ஆனால் அதை வெளியே கொண்டுபோகும் நுண்நாளங்கள் அதே வேகத்தில் விரிவதில்லை என்று கருதுகிறார்கள். திரவம் கசிந்து சுற்றிலும் தேங்குகிறது; அழற்சி அணுக்கள் அங்கே கூடுகின்றன. அந்த வேலை நடக்கச் சில மணி நேரம் ஆகிறது, ஆகவேதான் உங்களுக்கு இரவில் அரிக்கிறது. பனைநிழல் ஐயா சொன்ன 37 டிகிரி நீர் உறைந்த சதையை உருக்குவதற்கானது. உறையாத விரலுக்கு ஒவ்வொரு மாலையும் அதைச் செய்தால் இந்தச் சுழற்சியை நாமே தினமும் தொடங்கி வைப்பதாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஈரக் காலுறையைக் கழற்றி, விரலிடுக்குகளைத் துடைத்து, உலர்ந்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, கால்களைப் போர்வைக்குள் தம்பாட்டில் சூடேற விடுங்கள். சுடுநீர்ப் பையைக் காலில் வைக்க வேண்டாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

பூட்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பு முனை குளிரை வாங்கி வைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது இறுக்கம். இரண்டு காலுறைகள் போட்டு விரல்களை நெருக்கும்போது, ஏற்கெனவே இறுகிய நாளங்களை வெளியிலிருந்தும் அழுத்துகிறீர்கள். பருத்தி வியர்வையைப் பிடித்து ஈரமாகவே வைத்திருக்கும். பூட்ஸின் உள் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதே இரண்டு காலுறைகளுடன் அதன் மேல் எழுந்து நில்லுங்கள். சிறுவிரல் அட்டையின் விளிம்பைத் தாண்டி வழிந்தால், அந்த விரல்கள் ஏன் முதலில் பாதிக்கப்பட்டன என்பது தெரிந்துவிடும்.

பனைநிழல் (டொராண்டோ)

விளக்கத்துக்கு நன்றி அம்மா. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் ஊரில் இவ்வளவு குளிர் இருந்தும் இந்தச் சில்பிளேனைப் பற்றி நான் அதிகம் கேள்விப்பட்டதே இல்லையே?

செவ்வந்தி (கிளாஸ்கோ)

பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து போன்ற ஈரக்குளிர் நாடுகளில்தான் இது அதிகமாகத் தெரியவருகிறது. பூச்சியத்துக்கு மேலே உள்ள ஈரக் குளிரும், சரியாகச் சூடேறாத வீடுகளும் சேரும்போது வருவது இது. உங்கள் ஊரில் வெளிக்குளிர் கடுமையானாலும் வறண்டது. வீட்டுக்குள் நல்ல சூடு. மக்களும் அதற்கேற்பத் தடித்த காலணி போடுகிறார்கள். இங்கே 6 டிகிரி தூறலில் கிழிந்த சப்பாத்தோடு நடப்பவர்கள் ஏராளம்.

மாதுளை (லெஸ்டர்)

அக்கா, இரண்டு கால்களிலும் நாடி நன்றாகத் தட்டுகிறது. அட்டையின் மேல் நின்று பார்த்தேன். சிறுவிரல் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது! மருந்துக் கடையில் கேட்டபோது மருந்தாளர் பார்த்துவிட்டு சில்பிளேன்தான் என்றார், மூன்று வாரத்தில் குறையாவிட்டால் ஜி.பி.யிடம் போகச் சொன்னார். ஸ்டீராய்டு களிம்பு பூசலாமா, நாளத்தை விரிக்கும் மாத்திரை ஏதாவது உண்டா?

ஆற்றுவாளை (உட்ரெக்ட்)

நான் நெதர்லாந்தில் ஒரு மருந்தகத்தில் பணிபுரிகிறேன். நீங்கள் கேட்கும் மாத்திரை நிபெடிபின். 1989இல் பிரிட்டனில் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அது நல்ல பலன் தந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் எல்லோரும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். 2016இல் இங்கே வெளியான ஆய்வில், நாட்பட்ட சில்பிளேன் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது வேறுபாடு தெரியவில்லை. அதே குழு அடுத்த ஆண்டு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பையும் சோதித்தது. அதுவும் போலிக் களிம்பைவிட மேலாக இல்லை. நிபெடிபின் தலைவலி, முகச்சிவப்பு, கணுக்கால் வீக்கம் கொடுக்கும். ஏற்கெனவே அழுத்தம் குறைந்தவருக்குத் தலைசுற்றலும் வரலாம். மாதுளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செவ்வந்தி (கிளாஸ்கோ)

ஆற்றுவாளையின் ஆய்வுத் தகவலை ஏற்கிறேன், முடிவை முழுவதும் ஏற்கவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் சிலரே. விரல் புண்ணாகி நடக்க முடியாமல் வந்தவர்கள் இந்த மாத்திரையால் சில நாள்களில் தேறியதை என் பிரிவில் கண்டிருக்கிறேன். லேசானதற்குத் தேவையில்லை என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். மாதுளைக்கு இப்போது தேவையில்லை.

ஆற்றுவாளை (உட்ரெக்ட்)

குளிரில் இருந்து விலகினாலே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானாக ஆறும் நோய் இது அம்மா. மாத்திரை கொடுத்த நாளில் நோயாளி வேலையையும் விட்டு வீட்டில் இருந்திருப்பார். எது ஆற்றியது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

செவ்வந்தி (கிளாஸ்கோ)

அந்தக் கேள்வி நியாயமானது. என்னிடம் அதற்குத் தீர்வான பதில் இல்லை.

மாதுளை (லெஸ்டர்)

சில வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மேற்பார்வையாளரிடம் பூட்ஸைக் காட்டிப் பேசினேன். ஒரு அளவு பெரியதாக, இரும்புக்குப் பதிலாக உலோகமற்ற முனையுள்ள பூட்ஸ் கொடுத்தார்கள், பணம் கேட்கவில்லை. மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று மட்டும் போடுகிறேன், இடைவேளையில் உலர்ந்ததாக மாற்றிக்கொள்கிறேன். ரேடியேட்டர் பக்கம் போவதில்லை. இடக்கால் முழுவதும் தணிந்துவிட்டது. வலக்காலில் ஒரு விரலும் கைச்சுண்டுவிரலும் மட்டும் இன்னும் தடித்தே இருக்கின்றன. ஜி.பி.யிடம் போனபோது வாய்ப்புண் அடிக்கடி வருவதையும், காலையில் விரல் மூட்டுகள் விறைப்பதையும் சொன்னேன். இரத்தச் சோதனைகள் எழுதினார், அவற்றில் ஏ.என்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. அது, உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் லூபஸ் என்ற நோய்க்கானது என்று படித்துவிட்டு உறக்கம் வரவில்லை.

கடலோடி (லண்டன்)

மகளே, சோதனைக்கு எழுதினாலே நோய் என்று ஆகிவிடாது. என் காலில் அவர்கள் தேடியவற்றில் பாதி இல்லை என்றே வந்தது.

செவ்வந்தி (கிளாஸ்கோ)

ஜி.பி. சரியாகவே செய்திருக்கிறார். லூபஸ் உள்ள சிலருக்குச் சில்பிளேனைப் போன்றே தோற்றமளிக்கும் வீக்கங்கள் வருவதுண்டு. ஏ.என்.ஏ. மட்டும் இருப்பதாக வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். முழு நலத்துடன் இருப்பவர்களில் சிலருக்கும் அது குறைந்த அளவில் இருக்கும். உங்கள் வாய்ப்புண், மூட்டு விறைப்பு, சிறுநீர்ச் சோதனை, மற்ற இரத்த அணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த இரண்டு விரல்களையும் வாரம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தோல் உடைந்து நீர் கசிந்தாலோ, சீழ் கட்டினாலோ, சிவப்போ கருமையோ பாதத்தின் மேல் ஏறினாலோ, காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். ஏப்ரல் கடந்து வெயில் வந்த பிறகும் புதிய வீக்கங்கள் தோன்றினால், இரத்தச் சோதனை என்ன சொன்னாலும், தோல் மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். குளிர் போன பிறகும் வருவதைக் குளிரின் மேல் மட்டும் போட முடியாது.

தேன்சிட்டு (பர்மிங்ஹாம்)

செவ்வந்தி அக்கா, இதைப் படித்த பிறகு எனக்கும் ஒரு கேள்வி. என்னுடைய ரேனோ பதினைந்து வயதில் தொடங்கியது, இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும், புண் வந்ததில்லை. நானும் அந்த ஏ.என்.ஏ. சோதனையைக் கேட்க வேண்டுமா?

செவ்வந்தி (கிளாஸ்கோ)

இளவயதில் தொடங்கி, இரு கைகளிலும் சமமாக வந்து, விரல்நுனியில் புண்ணே இல்லாமல் இத்தனை ஆண்டுகள் போயிருந்தால், அதன் பின்னால் வேறு நோய் இருப்பது அரிது. ஆனாலும் முப்பது வயதுக்கு மேல் திடீரெனக் கடுமையானாலோ, ஒரு கையில் மட்டும் வரத் தொடங்கினாலோ, தோல் இறுகுவதுபோல் தோன்றினாலோ போய்க் கேளுங்கள். அடுத்த முறை ஜி.பி.யைப் பார்க்கும்போது நகக்கண்ணையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உருப்பெருக்கி வைத்து அங்குள்ள நுண்நாளங்களைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார்கள்.